ஐஸில் வைத்த முயல்

மகளையும் பேத்தியையும் சம்பந்தியம்மாள் திருவொற்றியூருக்கு அழைத்துப்போன மறுநாள், வீட்டைப் பெருக்கும்போது கட்டிலுக்கடியில் இருந்து முயல் வந்தது. துடைப்பத்தில் மாட்டிக்கொண்டு காது முதலில் வந்தது. அதன் பின்னால் நீலத் துணி யானையும் கிடந்தது. முயலின் வயிற்றிலும் ஒரு பக்கத்துக் காதிலும் பேத்தி கக்கிய பால் காய்ந்து தகடுபோல ஒட்டியிருந்தது. புளித்த வாடை. இருந்தாலும் நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பெருக்கியது பாதியில் நின்றது.

பேத்திக்கு அப்போது பதினொரு மாதம். மகள் ஏழாம் மாத வயிற்றோடு என் வீட்டுக்கு வந்தவள். பிரசவம் முடிந்து ஐந்து மாதத்தில் திரும்பிப் போயிருக்க வேண்டும். மருமகன் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். திருவொற்றியூரில் அவர்கள் வீட்டுத் தளம் ஒழுகியதால் இடித்துப் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை இழுத்துக்கொண்டே போனது. எல்லோரும் அலுத்துக்கொண்டார்கள். நான் மட்டும் வெளியில் சொல்லாமல், அந்தத் தளம் இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. கல்மண்டபம் பக்கத்துச் சந்தில் ஒன்றரை அறை வீடு. அதில் ஒரு குழந்தை தவழ்ந்தால் வீடு எவ்வளவு பெரிதாகிவிடுகிறது என்பது அந்த மாதங்களில்தான் எனக்குத் தெரிந்தது.

பிறகு குழந்தைக்கு வாந்தியும் பேதியும் வந்தன. ஒரே நாளில் கண் உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். இது தொற்றுகிற வைரஸ், கை வழியாகவும் வாயில் வைக்கிற பொருள் வழியாகவும் போகும் என்று டாக்டர் சொன்னார். சம்பந்தியம்மாள் வேறொரு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் ஆயாவாக இருக்கிறவர். டாக்டர் சொல்லி முடித்ததும் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் காதில் விழும்படியே சொன்னார்:

"ஆம்பள ஒண்டியா கீற வூடு. அங்க இன்னா சுத்தம் இருக்கும்?"

நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையை நேராகத் திருவொற்றியூருக்குக் கொண்டுபோனார்கள். தளம் போட்டு முடிந்திருந்தது.

முயல் கிடைத்த அன்று சாயங்காலம் மகள் போன் செய்தாள். பாப்பா தூங்கவே மாட்டேன் என்கிறாள், முயலைத் தேடுகிறாள், தலையணைக்கடியில் கையை விட்டு விட்டுப் பார்க்கிறாள் என்றாள். பிறந்ததிலிருந்து அந்த முயலின் காதை வாயில் வைத்துக்கொண்டுதான் அவளுக்குத் தூக்கம். வேறு பொம்மை வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்களாம், தூக்கி எறிந்துவிட்டாளாம்.

"நல்லா சுத்தம் பண்ணி எட்தா நைனா. இல்லாங்காட்டி அத்தை உள்ளயே வுட மாட்டாங்க," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா மொயலு அப்டியே இருக்கணும். மாறிச்சின்னா பாப்பா தொடாது," என்றாள்.

பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள். இனிமேல் குழந்தையை அந்த வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றி அத்தை யோசிக்க வேண்டும் என்கிறாராம். அந்த வீடு என்றால் என் வீடு. நான் சரி என்று சொல்லி போனை வைத்தேன். முயலை ஒழுங்காகச் சுத்தம் செய்து கொடுத்தால் அந்த அம்மாளுக்கு என் வீட்டைப் பற்றிய எண்ணம் மாறலாம். இல்லாவிட்டால் பேத்தியை நான் போய்த்தான் பார்க்க வேண்டும், விருந்தாளி மாதிரி, நாற்காலி நுனியில் உட்கார்ந்து.

எனக்கு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை. விடியற்காலை போனால் பகல் பன்னிரண்டு மணிக்கு விடுவார்கள். ஐஸ் பாளம் இறக்குவது, உடைப்பது, மீன்பிடிப் படகுகளுக்கு ஏற்றுவது, கடைசியில் தரையும் மீன் பெட்டிகளும் கழுவுவது. அந்தக் கழுவும் வேலை இருபது வருடமாக என்னுடையது. பக்கெட் தண்ணீரில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றித் தேய்த்துவிட்டால் பெட்டியில் ஒரு வாடை இருக்காது. சுத்தம் என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான்.

நல்ல வேளை, முதலில் முயலில் கை வைக்கவில்லை. யானையில் வைத்தேன். பெட்டிக்குக் கரைக்கிற அதே அளவில் கரைத்து யானையை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து எடுத்தால் யானை முழுக்கத் திட்டுத் திட்டாக வெள்ளை. தேமல் வந்த மாதிரி இருந்தது. தும்பிக்கையைப் பிழிந்தபோது தையல் நூல் கையோடு வந்துவிட்டது. எத்தனை முறை அலசியும் பவுடர் நெடி போகவில்லை. அதைக் கொடியில் மாட்டிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பேத்திக்கு யானை மேல் அவ்வளவு பிரியம் கிடையாது. ஆனாலும் அவள் பிடித்து விளையாடிய பொருள். அவள் கைபட்ட நிறத்தை நான் அழித்துவிட்டேன்.

முயலுக்கு அந்தக் கதி வரக்கூடாது. தண்ணீரே படக்கூடாது என்று எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ஈரத் துணியால் காய்ந்த பாலை மட்டும் துடைத்தெடுத்தேன். கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு போய்விட்டது. கிருமிக்கு என்ன செய்வது?

மறுநாள் வேலையில் குளிர் அறைக் கதவைத் திறந்து இறால் பெட்டிகளை அடுக்கும்போது அந்த யோசனை வந்தது. எங்கள் அறையில் வைத்த இறால் மாதக் கணக்கில் கெடாது. மனிதன் அரை மணி நேரம் நின்றால் விரல் விறைத்துப்போகும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி அதில் பிழைக்குமா? நிறமும் போகாது, தையலும் விடாது. எனக்கு இவ்வளவு நல்ல யோசனை அதற்கு முன் வந்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முயலை மூன்று பிளாஸ்டிக் கவரில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கட்டி, யாரும் இல்லாத நேரம் பார்த்து மேல் அடுக்கில், பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தேன். பெட்டி தூக்குகிற கூட்டாளி ஒருவன் கண்ணில் பட்டுவிட்டது. அவன் கவருக்குள் தெரிந்த காதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இன்னா மாமு, மொயலா? எக்ஸ்போட்டுக்கா, லோக்கலுக்கா?"

பேத்தியின் பொம்மை என்றேன். காய்ச்சலா என்றான். வாந்தி பேதி என்றேன். அதற்கு மேல் அவன் சிரிக்கவில்லை. ஆனால் இரண்டு நாளும் பெட்டி எடுக்க வரும்போதெல்லாம் மேல் அடுக்கைப் பார்த்து, "நைனா, குளுருதா?" என்று முயலைக் கேட்டுவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் எடுத்தபோது முயல் கட்டையாக இருந்தது. தட்டினால் சத்தம் வந்தது. வீட்டில் தட்டின் மேல் வைத்து, அது இளகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காது முதலில் மடங்கியது. பிறகு வயிறு. நிறம் போகவில்லை, நூல் விடவில்லை. இருந்ததுபோலவே இருந்தது. வேறு சட்டை போட்டுக்கொண்டு, முயலைப் புதுப் பையில் வைத்து, கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறினேன். பையை மடியில் வைத்திருந்தேன். எதிரில் இருந்த பூக்காரம்மாள் இரண்டு முறை மூக்கை உறிஞ்சினார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சம்பந்தியம்மாள் வாசலிலேயே இருந்தார். மகள் உள்ளே குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். என் குரல் கேட்டதும் உள்ளேயிருந்து ஒரு சின்னக் கத்தல் வந்தது. என் பேத்தி என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் உள்ளே போகக் கால் எடுத்தேன். அந்த அம்மாள் கையை நீட்டினார். பையைக் கொடுத்தேன். அவர் முயலை வெளியே எடுக்கவே இல்லை. பையைத் திறந்து முகர்ந்தார்.

"இன்னாண்ணே, மொயலு வஞ்சிரம் வாடை அடிக்குது?"

எப்படிச் சுத்தம் செய்தேன் என்று கேட்டார். ஐஸ் அறையில் இரண்டு நாள் என்றேன். அதற்கு முன் துவைத்தீர்களா என்றார். துடைத்தேன் என்றேன். அவர் கத்தியிருந்தால் எனக்குப் பரவாயில்லை. கத்தவில்லை. நிதானமாகக் கேட்டார்:

"ஐஸ்ல வச்ச மீன எடுத்து வெளில வச்சா இன்னா ஆவும்?"

"கெட்டுப் போவும்."

"ஏன் கெட்டுப் போவுது? கிருமி செத்துட்ச்சின்னா கெடுமா?"

இருபது வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம் அது. ஐஸ் எதையும் கொல்லாது. நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். ஐஸ் உருகின பெட்டியை இரண்டு மணி நேரம் வெயிலில் விட்டால் என்ன ஆகும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அதே நான்தான் கிருமியைத் தூங்க வைத்து, பையில் போட்டு, டிக்கெட் எடுத்து, குழந்தையிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

யானை எங்கே என்றும் கேட்டார். அதையும் சொன்னேன். பிளீச்சிங் கிருமியைக் கொன்றிருக்கும், ஆனால் துணி இற்றிருக்கும், தையல் விட்டால் உள்ளே இருக்கும் பஞ்சு குழந்தை வாய்க்குப் போகும், அதைத் தரவேண்டாம் என்றார். பிறகு மகளைக் கூப்பிட்டு, குழந்தையோடு உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு, என்னைப் பின்கட்டுக் குழாயடிக்கு வரச்சொன்னார். வேலையிடத்தில் போடுகிற கையுறை ஒரு ஜோடியை எடுத்து நீட்டினார்.

"நீங்களே பண்ணுங்க. நான் சொல்றேன்."

முதலில் முயலின் வாலுக்கடியில் இருந்த வெள்ளைத் துணிப்பட்டையைப் பார்க்கச் சொன்னார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அதில் இருந்த இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது. படிக்க வேண்டாம், படத்தைப் பாருங்கள் என்றார். தண்ணீர் நிறைந்த தொட்டி மாதிரி ஒரு படம், அதற்குள் அறுபது என்று எண். அறுபது டிகிரி சூடு வரை இந்தத் துணி தாங்கும் என்று அர்த்தம். பக்கத்தில் முக்கோணம், அதன் மேல் பெருக்கல் குறி. பிளீச்சிங் ஆகாது என்று அர்த்தம். யானைக்கும் இப்படி ஒரு பட்டை இருந்தது. குத்தும் என்று நான்தான் அதைக் கத்தரித்து எறிந்தேன்.

அடுத்தது கண். ஒட்டிய கண்ணாக இருந்தால் சுடுதண்ணீரில் பசை இளகிக் கழன்றுவிடும், குழந்தை விழுங்கிவிடும். இழுத்துப் பார்த்தேன். கறுப்பு நூலால் தைத்த கண். பரவாயில்லை என்றார். உள்ளே பாட்டுப் பாடுகிற பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று அமுக்கியும் பார்க்கச் சொன்னார். வெறும் பஞ்சுதான்.

வேறு எதற்கும் பயன்படுத்தாத ஒரு பழைய பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர். எடுத்ததுமே சுடுதண்ணீர் ஊற்றினால் பால் கறை வெந்து துணியில் பிடித்துக்கொள்ளுமாம். தண்ணீர் தெறிக்காமல், மெதுவாக அமுக்கி அமுக்கி எடுக்க வேண்டும். துடைத்துவிட்டேன் என்று நான் நினைத்த முயலிலிருந்து மஞ்சளாக ஒரு தண்ணீர் வந்தது. இரண்டு முறை மாற்றினேன். அதன் பிறகு அடுப்பில் கொதித்த தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் பாதிக்குப் பாதி. அறுபதை அளக்க அந்த அம்மாள் வைத்திருந்த கணக்கு அது. துவைக்கிற சோப்புத்தூளைக் கரைத்து முயலை முக்கி, மிதந்து வராமல் குச்சியால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆறினால் இன்னும் கொஞ்சம் சூடு சேர்க்க வேண்டும். அரை மணி நேரம் ஆனது. அவர் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது உள்ளேயிருந்து மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்கதவருகே வந்துவிட்டாள். தாங்க முடியாமல் வந்திருப்பாள். குழந்தை இளைத்திருந்தது. கழுத்து நீளமாகத் தெரிந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குள் பக்கெட்டில் மிதந்த காதைப் பார்த்துவிட்டாள். இரண்டு கையையும் நீட்டி, அம்மாவின் இடுப்பிலிருந்து முன்னால் பாய்ந்தாள். முயலுக்கா எனக்கா என்று தெரியவில்லை. என் கையில் அழுக்குத் தண்ணீர் சொட்டுகிற கையுறை. ஒரு விரல்கூட நீட்ட முடியாது. அவள் அழுகை பெரிதானது. மகள் உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். நான் முயலை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் அஞ்சி நிமிசம்," என்றார் சம்பந்தியம்மாள்.

சோப்பு நுரை சுத்தமாகப் போகும்வரை நான்கு முறை அலசினேன். குழந்தை வாயில் வைக்கிறது என்பதால் வழுவழுப்பு கொஞ்சமும் இருக்கக்கூடாது. முறுக்கிப் பிழியப் போனேன். தடுத்தார். முறுக்கினால் உள்ளே பஞ்சு கட்டி கட்டியாகிவிடும், தையல் இழுக்கும். பழைய துண்டில் சுருட்டி, மேலே உள்ளங்கையால் அழுத்தினால் ஈரம் துண்டுக்குப் போகும். காதைப் பிடித்துத் தொங்கவிடவும் கூடாது. ஈரத்தின் கனத்தில் காது நீண்டுவிடும். வயிற்றைத் தட்டி, பஞ்சைப் பரப்பி, பழைய உருவத்துக்குக் கொண்டுவந்து, மாடியில் கட்டியிருந்த வலையின் மேல் படுக்க வைத்தேன். பழைய மீன் வலை. கீழேயும் காற்று போகும்.

கீழே வந்து பக்கெட்டை நன்றாக அலசிவிட்டு, அவர் சொல்லாமலே பிளீச்சிங் பவுடர் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. பக்கெட்டையும் துவைத்த இடத்தையும் எங்கள் பெட்டிகளைக் கழுவுகிற மாதிரி கழுவினேன். கல்லிலும் பிளாஸ்டிக்கிலும் என் கை தப்பாது. கடைசியில் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, சோப்பு போட்டு முழங்கை வரை கழுவினேன். அந்த அம்மாள் ஆய்ந்த கீரையை எடுத்துக்கொண்டு எழுந்தார். என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது.

வெளியே காய்ந்தால் போதாது, உள்ளே காய வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும் என்றார். சாயங்காலம் பனி இறங்குவதற்குள் உள்ளே எடுக்க வேண்டும், காலையில் மறுபடி வைக்க வேண்டும், பகலில் இரண்டு மூன்று முறை திருப்ப வேண்டும். அவருக்கு டூட்டி. மகளுக்குக் குழந்தையை விட்டு மாடி ஏற முடியாது. நான் மெதுவாகச் சொன்னேன், எனக்குப் பன்னிரண்டு மணிக்கே வேலை முடிந்துவிடும் என்று.

அந்த மாசி வெயிலில் நான் மறுநாளும் அதற்கு மறுநாளும் திருவொற்றியூருக்குப் போனேன். வேலை முடிந்ததும் குளித்து, சட்டை மாற்றி, ரயில் பிடித்து, மாடியேறி முயலைத் திருப்பி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு கீழே வருவேன். பேத்தி மடியில் ஏறிக்கொள்வாள். என் சட்டைப் பொத்தானைத் திருகுவாள். பழைய இடத்தில் பேனா இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தடவுவாள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி மாடி ஏறுவேன். முயல் எனக்கு ஒரு காரணமாக இருந்தது. அதைத் திருப்புகிறவன் என்பதால் அந்த வீட்டில் நான் விருந்தாளி இல்லை. யாரும் எனக்கு நாற்காலி போடவில்லை. தரையிலேயே உட்கார்ந்தேன்.

இரண்டாம் நாள் நாலரை மணிக்கு முயலை எடுத்து அழுத்திப் பார்த்தேன். வயிற்றின் நடுவில் இரண்டு கட்டைவிரலையும் புதைத்து, பிறகு காதும் தலையும் சேருகிற தையலில், பிறகு கால் இடுக்கில். எங்கும் குளுமை இல்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். வெயில் சூடுதான் இருந்தது. பஞ்சு தனித்தனியாக நகர்ந்தது. மீன் வாடை இல்லை, பால் வாடை இல்லை, சோப்பு வாடையும் இல்லை. காய்ந்துவிட்டது.

கீழே வந்தேன். மகள் குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"காஞ்சிட்ச்சா நைனா?"

சம்பந்தியம்மாள் டூட்டியிலிருந்து வரவில்லை. நான் முயலைத் துண்டில் சுற்றி அலமாரி மேல் வைத்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னேன்:

"உள்ள இன்னும் கொஞ்சம் ஈரம் கீது. நாளிக்கு ஒரு நாளு வச்சிடலாம்."

அவள் என்னை நம்பினாள். அவளிடம் நான் அதற்கு முன் பொய் சொன்னதில்லை. ரயிலில் வரும்போது, ஒரு நாள்தானே என்று சொல்லிக்கொண்டேன். நாளைக்கும் வரலாம், மடியில் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு முயல் அவர்களுடையது, எனக்கு அந்த மாடியில் வேலை கிடையாது. வீட்டுக்கு வந்து சோறு வைத்தேன். சாப்பிடும்போது, குழந்தை இப்போது தலையணைக்கடியில் கையை விட்டுத் தேடிக்கொண்டிருக்கும் என்று தோன்றியது. பாதியில் தட்டை மூடிவைத்தேன்.

மூன்றாம் நாள் சம்பந்தியம்மாளுக்கு விடுமுறை. நான் போனபோது மகள் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள், மடியில் குழந்தையும் அழுது ஓய்ந்த முகத்தோடு தூங்கியது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று அந்த அம்மாள் சொன்னார். முயல் ஏற்கெனவே மாடியில் இருந்தது. நான் ஏறினேன். அவரும் பின்னால் ஏறி வந்தார்.

வலையின் முன்னால் நின்று முயலை எடுத்தார். வயிற்றில் விரலைப் புதைத்தார். தையலில் அழுத்தினார். காதை விரித்து உள்பக்கம் பார்த்தார். எத்தனையோ வருடம் ஈரத் துணியைத் தொட்டுத் தொட்டுப் பழகிய கை. நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடல் பக்கத்திலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது.

"இது நேத்தே காஞ்சிட்ச்சி," என்றார்.

நான் வலையின் ஒரு முடிச்சை இழுத்துச் சரிசெய்தேன்.

"பொண்ணாண்ட ஈரம்னு சொன்னீங்களாம்."

"ஆமாம்மா. காஞ்சிட்ச்சின்னு தெரியும்." அதோடு நிறுத்தியிருப்பேன். எப்படியோ வாய் திறந்துகொண்டது. "காஞ்சிட்டா அப்பால எனக்கு இங்க இன்னா வேல?"

அந்த அம்மாள் முயலின் முதுகில் ஒட்டியிருந்த ஒரு வலை நூலைக் கிள்ளி எடுத்தார். வெகுநேரம் எடுத்தார். வார்டில் அவர் எத்தனை அப்பன்களையும் தாத்தாக்களையும் பார்த்திருப்பாரோ. திட்டுவார், இனிமேல் வரவேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். என் பொய்யால் ஒரு குழந்தை ஒரு ராத்திரி தூங்கவில்லை. திட்டினால் அது நியாயம்தான்.

"உங்க வூட்டு மாடில வெயிலு எந்நேரம் அடிக்கும்?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பத்திலிருந்து மூன்று வரைக்கும் என்றேன்.

"போதும். அங்க வந்தாலும் வாரத்துக்கு ஒருக்கா இத்த தோய்க்கணும். இதே மாதிரி. ஐஸ்ல வெக்காதீங்க." படியிறங்கப் போனவர் நின்றார். "இதே மாதிரி இன்னொண்ணு கெடைக்குதா பாருங்க. ஒண்ணு காயறப்போ ஒண்ணு ஓணும். ஞாயித்துக்கெழம பாப்பாவ இட்டாரேன். நானும் வருவேன், சொல்ட்டேன்."

கீழே மகள் விழித்திருந்தாள். அவளிடம் அந்த அம்மாள், "இப்பத்தான் காஞ்சிது, இந்தா," என்று முயலை நீட்டினார். என் பக்கம் பார்க்கவில்லை.

குழந்தை முயலை வாங்கவில்லை. பார்த்தாள். முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். நெற்றியைச் சுருக்கினாள். அவளுடைய பால் வாடை அதில் இல்லை. என் வீட்டு வாடையும் இருந்திருக்காது. நாங்கள் மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் முயலைத் திருப்பினாள், காதைத் தேடினாள், எப்போதும் கடிக்கிற காதை விட்டுவிட்டு மற்றக் காதை வாயில் வைத்தாள். வெளியே எடுத்தாள். பிறகு தன் வழக்கமான காதைக் கண்டுபிடித்துக் கடித்துக்கொண்டு, அம்மாவின் தோளில் சாய்ந்தாள். கண் செருகியது. என்னை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. எழுப்பிச் சொல்லிவிட்டு வர மனமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

மறுநாள் வேலை விட்டு வந்ததும் சாப்பிடாமல் எங்கள் மாடிக்கு ஏறினேன். மூன்று மணி வரை வெயில் என்று நிச்சயம் தெரியாமலே சொல்லியிருந்தேன். தண்ணீர்த் தொட்டியின் நிழல் இரண்டேகாலுக்கே கொடியைத் தொட்டுவிட்டது. அந்த அம்மாளிடம் மறுபடியும் ஒரு பொய்யா என்று திக்கென்றது. மாடியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். தெருப்பக்கத்து மூலையில், கைப்பிடிச் சுவரை ஒட்டி, மூன்று தாண்டியும் வெயில் இருந்தது. கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வலைத் துண்டை அங்கே இழுத்துக் கட்டினேன். கீழே தொங்காமல் இருக்கிறதா என்று கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.